மீடியம் சைஸ் தீர்ந்தப்போ நான் பண்ண தப்பு, சரி பண்ண விதம்

என்னோட ஆன்லைன் கடைல ஒரு டீ-ஷர்ட்ல மீடியம் மட்டும் தீர்ந்துபோச்சு, நான் அந்த சைஸையே பேஜ்ல இருந்து மறைச்சுட்டேன், வந்தவங்க அப்படி ஒரு சைஸே கிடையாதுன்னு நெனச்சு போய்ட்டாங்க. அப்புறம் சைஸைத் திரும்பக் காட்டி, அதைத் தொட்டா கார்ட் பட்டன் இருந்த இடத்துலயே "மீடியம் இப்ப இல்ல, வந்ததும் மெயில் பண்றோம்"னு வர மாதிரி வச்சேன், கேட்டது பேரும் மெயிலும் மட்டும்தான்.

பேரெல்லாம் நல்லாவே சேர்ந்துச்சு. ஆனா எந்த சைஸ்னு சேமிக்காம ப்ராடக்டை மட்டும் சேமிச்சிருந்தேன், லார்ஜ் வந்தப்போ மீடியம் கேட்டவங்களுக்கும் மெயில் போய்டுச்சு, பாவம், ஆசையா வந்து பாத்து ஏமாந்தாங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமாப் போச்சு. இப்ப ஒவ்வொரு சைஸுக்கும் தனியா இருக்கிற வேரியன்ட் ஐடியும் சேர்த்துதான் சேமிக்கிறேன். 10 பீஸ் வந்தா, காத்திருக்கிற 40 பேருக்கும் ஒரேடியா அனுப்புறதில்ல, எல்லாரும் வாங்க மாட்டாங்கங்கறதால முதல்ல கேட்ட 15 பேருக்கு, மறுநாள் மிச்சம் இருந்தா அடுத்தவங்களுக்கு.