"காலையில் ஆறு": டொக்டர் வாயால் சொன்னதை மருந்து அட்டவணையாக எழுதும்போது விடும் தவறுகள்

அம்மாவுக்கு முட்டு வருத்தம் பழையது. போன மாரியில் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் சேர்ந்து வந்துவிட, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தம்பி ஓட்டோ பிடித்து, திருகோணமலை டவுனில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் சிங்களவர், ஆனால் தமிழில் பொறுமையாகப் பேசக்கூடியவர். பார்த்து முடித்து, மருந்து எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தம்பி தலையாட்டிக் கேட்டுவிட்டு, பார்மசியில் மருந்தை வாங்கிக்கொண்டு உவர்மலைக்கு வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக உட்கார்ந்து ஒரு கொப்பித் தாளில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "பிரெட்னிசோலோன், காலை 6."

அம்மா புதன்கிழமை விடிய எழும்பி, சரியாக ஆறு மணிக்கு ஒரு குளிசை போட்டார். வியாழனும் அப்படியே.

டொக்டர் சொன்னது ஆறு மணி இல்லை, ஆறு குளிசை. கொடுக்க வேண்டியது 30 மில்லிகிராம், பார்மசியில் இருந்தது 5 மில்லிகிராம் குளிசை, ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் ஆறையும் ஒன்றாகப் போட வேண்டும், ஐந்து நாளைக்கு. வியாழன் பின்னேரம் நான் போனபோது அம்மாவுக்கு இழுப்பு கொஞ்சமும் குறையவில்லை. தாளைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. மருந்து என்வலப்பைப் பார்த்தேன், அதிலும் "காலை 6" என்றுதான் இருந்தது. என்வலப்பைக் கையில் எடுத்தபோதுதான் அது கனமாக இருந்தது. கொட்டி எண்ணினேன். 28 குளிசை. நாளைக்கு ஒன்று வீதம் ஐந்து நாளைக்கு என்றால் ஐந்துதானே தந்திருப்பார்கள்? முப்பது எதற்கு?

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுதும்போது எல்லோரும் விடுகிற தவறு இது: அட்டவணையை எழுதிவிட்டுப் பெருக்கிப் பார்ப்பதில்லை. ஒரு தடவைக்கு எத்தனை, ஒரு நாளில் எத்தனை தடவை, எத்தனை நாள், மூன்றையும் பெருக்கினால் வருவதும் என்வலப்பில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். 6 x 1 x 5 என்றால் 30. தம்பி எழுதியபடி பார்த்தால் 1 x 1 x 5, அதாவது 5. இந்தக் கணக்கைப் பார்மசி வாசலிலேயே போட்டிருந்தால், அம்மா இரண்டு நாள் மூச்சுக்குக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். எண்ணிக்கை உதைத்தால் காது பிழைத்திருக்கிறது, அல்லது பார்மசியில் குறைத்தோ கூட்டியோ தந்திருக்கிறார்கள், இரண்டில் எதுவென்று அங்கேயே கேட்டுவிடலாம். கிளினிக் மருந்துக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதை அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் மொத்தமாகத் தருவார்கள், ஆகவே அந்தத் திகதி வரைக்குமான நாட்களால் பெருக்க வேண்டும்.

அடுத்தது, வெறும் எண் எழுதுவது. நம்முடைய பேச்சில் "காலையில ஆறு" என்றால் மணியாகவும் இருக்கலாம், எண்ணிக்கையாகவும் இருக்கலாம். "பகல் ரெண்டு" என்பதும் அப்படித்தான். சொல்கிறவருக்குத் தமிழ் இரண்டாவது மொழியாக இருந்தால் சொற்கள் இன்னும் சுருங்கிப்போகும், அது அவருடைய குற்றமில்லை. எழுதுகிற நாம்தான் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது என்ன என்று எழுத வேண்டும்: 6 குளிசை, 6 மணி, 5 நாள், 5 மில்லிகிராம். எண் தனியாக நிற்கிற இடம் ஒன்றுகூட அட்டவணையில் இருக்கக்கூடாது. அறையை விட்டு எழும்ப முதல் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "காலமை சாப்பிட்டாப் பிறகு ஆறு குளிசையையும் ஒண்டாப் போடுறது, சரியா டொக்டர்?" என்று கேட்க அரை நிமிடம் போதும். சிங்களம் கொஞ்சம் தெரிந்தவர் "பெதி ஹயக்?" என்று கேட்டாலும் சரிதான்.

மில்லிகிராமும் மைக்ரோகிராமும் இதிலேயே சேரும். அம்மா தைரோயிட்டுக்குப் போடுவது 50 மைக்ரோகிராம், அதைத் தம்பி முன்பு எழுதிய வேறொரு தாளில் "50 மி.கி." என்று சுருக்கியிருந்தான். அது ஆயிரம் மடங்கு வித்தியாசம். வீட்டில் ஒரு குளிசைதான் போடுகிறோம் என்பதால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது, ஆனால் அந்தத் தாளை வேறொரு டொக்டரிடம் காட்டும் நாளில் அது குழப்பும். சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

இனி நாட்கணக்கு. இதில்தான் மருந்து மிஞ்சுகிறது. அன்டிபயோட்டிக் கோ-அமொக்சிகிளாவ் 625 மில்லிகிராம், நாளைக்கு மூன்று நேரம், ஐந்து நாள், ஆக 15 குளிசை. செவ்வாய் இரவு தொடங்குகிறோம். விரல் விட்டு செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று எண்ணினால் சனி இரவோடு முடிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் செவ்வாய் போட்டது ஒன்றே ஒன்று. புதனிலிருந்து சனி வரைக்கும் 12, ஆக மொத்தம் 13. மிச்சம் இரண்டையும் ஞாயிறு காலையும் பகலும் போட்டால்தான் டொக்டர் சொன்ன ஐந்து நாள் முடியும். அதனால் "5 நாள்" என்று மட்டும் எழுதாமல், முதல் குளிசை எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, கடைசிக் குளிசை எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று எழுதிவிடுங்கள்.

"மூன்று நேரம்" என்றதும் நாம் சாப்பாட்டு நேரத்தை எழுதிவிடுகிறோம். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு, பகல் ஒன்றுக்கு, இரவு எட்டுக்கு. அப்படிப் போட்டால் பகலில் ஐந்து மணித்தியால இடைவெளி, இரவில் பன்னிரண்டு மணித்தியாலம். அன்டிபயோட்டிக்கை மூன்று நேரம் என்று சொன்னால், கூடியவரைக்கும் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்றுதான் அர்த்தம். அதற்காக அம்மாவை நடுச்சாமத்தில் எழுப்பச் சொல்லவில்லை, காலை 7, பகல் 2, இரவு 10 என்று வைத்தாலே இடைவெளி ஓரளவு ஒத்துவரும். இந்த மருந்தைச் சாப்பிடத் தொடங்கும்போது போட்டால் வயிறு அவ்வளவாகப் புரட்டாது, ஆகவே இரவு 10 மணிக்கு இரண்டு பிஸ்கட்டாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

பழைய மருந்தை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் எழுதுவது இன்னொரு தவறு. டொக்டர் கடைசியில், எழும்புகிற நேரத்தில், "பழைய மருந்தும் பம்பும் அப்படியே" என்றிருக்கிறார். தம்பியின் தாளில் அவை இல்லை. தாளில் இல்லாததை அம்மா நிறுத்திவிட்டார், புதுசு தந்திருக்கிறார்கள் பழசு எதற்கு என்று நினைத்தாராம். சுவரில் தாள் ஒட்டினால், வயதானவர்களுக்கு அதில் உள்ளதுதான் மருந்து. போடுகிறது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

செவ்வாய் இரவே எழுதியிருக்க வேண்டிய அட்டவணை இது. மருந்து வாரியாக எழுதாமல் மணி வாரியாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அம்மா முதலில் பார்ப்பது மணிக்கூட்டைத்தான்.

| நேரம் | மருந்து | எத்தனை | எப்படி | எதுவரை |
|---|---|---|---|---|
| காலை 6 மணி | தைரொக்சின் 50 மைக்ரோகிராம் | 1 குளிசை | வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் | தொடர்ந்து |
| காலை 7 மணி | கோ-அமொக்சிகிளாவ் 625 மில்லிகிராம் | 1 குளிசை | சாப்பிடத் தொடங்கும்போது | புதன் முதல் ஞாயிறு வரை |
| காலை 7 மணி | பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் | 6 குளிசை ஒன்றாக | சாப்பிட்ட பிறகு | புதன் முதல் ஞாயிறு வரை, 5 காலை |
| காலை 7 மணி | மண்ணிறப் பம்ப் | 2 தரம் இழுப்பது | பிறகு வாய் கொப்பளித்துத் துப்புவது | தொடர்ந்து |
| பகல் 2 மணி | கோ-அமொக்சிகிளாவ் 625 மில்லிகிராம் | 1 குளிசை | சாப்பிடத் தொடங்கும்போது | புதன் முதல் ஞாயிறு வரை (ஞாயிறு பகல் கடைசி) |
| இரவு 10 மணி | கோ-அமொக்சிகிளாவ் 625 மில்லிகிராம் | 1 குளிசை | பிஸ்கட்டோடு | செவ்வாய் முதல் சனி வரை |
| இரவு 10 மணி | மண்ணிறப் பம்ப் | 2 தரம் இழுப்பது | வாய் கொப்பளித்துத் துப்புவது | தொடர்ந்து |

இதில் பரசிற்றமோல் இல்லை, வேண்டுமென்றுதான் விட்டேன். "காய்ச்சல் இருந்தால் மட்டும்" என்று சொன்ன மருந்தை மணியோடு மேலே எழுதினால், காய்ச்சல் இல்லாத நாளிலும் அதைப் போடுவார்கள். அதைக் கீழே தனியாக எழுதி, போட்ட நேரத்தைக் குறிக்க வெறும் கட்டங்கள் வைத்தேன்: 500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 1 குளிசை, அடுத்ததுக்குக் குறைந்தது 6 மணித்தியாலம், ஒரு நாளில் 4 குளிசைக்கு மேல் வேண்டாம். அம்மா நல்ல மெலிவு என்பதால் டொக்டர் சொன்ன அளவு அது, உங்கள் வீட்டு ஆளுக்கு வேறாக இருக்கலாம். கூடவே ஒரு வரி: "பனடோலும் இதுதான்." நம் ஊரில் என்வலப்பில் வருவது பரசிற்றமோல், அலுமாரியில் இருப்பது பனடோல். பெயர் வேறு என்பதால் இரண்டையும் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டிலும் அது நடக்கப் பார்த்தது. தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது, அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

எங்களுக்கு வராத ஒன்று, ஆனால் ஆபத்து கூடினது: "கிழமைக்கு ஒருக்கா" என்ற மருந்து. மூட்டு வாதத்துக்குத் தரும் மெதொட்ரெக்சேட் அப்படிப்பட்டது, அதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி மருந்தைத் தினசரி அட்டவணையில் சேர்க்கவே வேண்டாம். வேறு தாளில், எந்தக் கிழமை என்று பெயரோடு எழுதுங்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் என்றாலும் திகதிகளை எழுதிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நேற்றுப் போட்டதா முந்தாநாள் போட்டதா என்று மூன்றாம் நாளே சந்தேகம் வந்துவிடும்.

வியாழன் இரவே அந்த டொக்டரிடம் திரும்பவும் போனோம். நாமாகக் கணக்குப் பார்த்து, தவறவிட்டதையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று தம்பி சொன்னான், அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். டொக்டர் அம்மாவின் நெஞ்சைத் திரும்பப் பார்த்துவிட்டு, பிரெட்னிசோலோனை வெள்ளி காலையிலிருந்து புதிதாக ஐந்து நாளைக்கு, அதாவது செவ்வாய் வரைக்கும் போடச் சொன்னார். ஒரு நேர அன்டிபயோட்டிக் தவறினால் என்ன செய்வது என்றும் இந்தத் தடவை கேட்டு எழுதிக்கொண்டேன்: ஞாபகம் வந்ததும் போடுவது, அடுத்தது கிட்டத்தில் என்றால் விட்டுவிடுவது, இரண்டைச் சேர்த்துப் போடுவதில்லை. திரும்பி வரும் வழியில் பார்மசியில் நின்றோம். வேண்டியது 30, கையில் இருந்தது 28. தம்பிதான் கணக்குச் சொல்லி, இன்னும் இரண்டு குளிசை வாங்கினான்.