மேப்ல விளம்பரம் போடுற முன்னாடி ரிவ்யூவ பாருங்க

கிளினிக், சலூன் வச்சிருக்கவங்க கூகுள் ஆட்ஸ்ல பிசினஸ் ப்ரொஃபைல லொக்கேஷன் அசெட்டா, அதாவது விளம்பரத்தோட சேர்ந்து வர்ற கடை முகவரியா இணைச்சா மேப்லயும் விளம்பரம் வரலாம், ஆனா பக்கத்துலயே உங்க ஸ்டாரும் ரிவ்யூ எண்ணிக்கையும் தெரியும், அத நீங்க மறைக்க முடியாது. விவரம் பாக்க தொட்டாலும் சரி, வழி கேட்டு தொட்டாலும் சரி, கால் பட்டன தொட்டாலும் சரி, காசு போகும்.

உதாரணமா வேளச்சேரில ரெண்டு பல் கிளினிக்னு வைங்க. ஒண்ணு 4.9, ஆனா மொத்தமே 8 ரிவ்யூ, கடைசியா வந்தது ரெண்டு வருஷம் முன்னாடி. இன்னொண்ணு 4.5, 200 ரிவ்யூ, போன வாரம்தான் ஒருத்தர் "ரூட் கெனால் பண்ணேன், வலியே தெரியல"ன்னு எழுதிருக்கார். பல்வலியோட தேடுறவங்க பெரும்பாலும் ரெண்டாவதத்தான் தொடுவாங்க. முதல் கிளினிக் விளம்பரத்த தொட்டு விவரம் பாத்துட்டு கால் பண்ணாம விட்டா அந்த கிளிக் காசு வீண்தான்.

அதனால முதல்ல ப்ரொஃபைல்ல ரிவ்யூ கேக்குற லிங்க்கோட க்யூஆர் கோட எடுத்து பில் போடுற இடத்துல ஒட்டுங்க, என்ன சிகிச்சைன்னு அவங்களே எழுதட்டும். ரிவ்யூக்கு டிஸ்கவுன்ட் மட்டும் தராதீங்க, அது கூகுள் விதிக்கு எதிரானது, ரிவ்யூவையே தூக்கிடலாம். திட்டி எழுதினவங்களுக்கு பதில் போடும்போது அவங்க சிகிச்சை விவரத்த வெளிய சொல்லாம, ஃபோன்ல பேசலாம்னு மட்டும் எழுதுங்க.