ரெப்ளிகா பின்தங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பயனர் ஒருவர் முகவரியை மாற்றிச் சேமிக்கிறார். "சேமிக்கப்பட்டது" என்று வருகிறது. பக்கத்தைத் திரும்பத் திறந்தால் பழைய முகவரியே இருக்கிறது. புகார் நம்மிடம் வந்து சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும். நாமும் "எனக்குச் சரியாகத்தானே வருகிறது" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிடுவோம்.

எழுதியது பிரைமரி என்ற முதன்மை டேட்டாபேஸ் சர்வரில், படித்தது அதன் நகலான ரெப்ளிகாவில். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான ரெப்ளிகேஷனில் பிரைமரி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தன்னிடம் கமிட் ஆனதும் பயனருக்குப் பதில் சொல்லிவிடும். ரெப்ளிகாவுக்கு அது பிறகுதான் போய்ச் சேரும்.

இங்கே பலர் செய்வது, ஒரு நொடி தூங்கிவிட்டுப் படிப்பது. இன்னும் சிலர் `Seconds_Behind_Source` 0 என்று காட்டுவதை நம்புகிறார்கள். அந்த எண், ரெப்ளிகாவுக்கு வந்து சேர்ந்த மாற்றங்களில் எவ்வளவு இன்னும் செயல்படுத்தப்படாமல் கிடக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. நெட்வொர்க் மந்தமாகி மாற்றங்கள் வந்தே சேராவிட்டாலும் அது 0 காட்டலாம். உண்மையான தாமதம் தெரிய, பிரைமரியில் ஒரு வரிசையில் நொடிக்கொரு முறை நேரத்தை எழுதி, அதை ரெப்ளிகாவில் படித்துப் பார்க்க வேண்டும்.

பயனருக்கான தீர்வு வேறு. எழுதியபோது கிடைத்த ஜிடிஐடியை, அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் மைஎஸ்க்யூஎல் தரும் தனி அடையாள எண்ணை, அவருடைய செஷனில் வைத்துக்கொண்டு, படிக்கும் முன் ரெப்ளிகாவிடம் கேட்கலாம்:

```sql
SELECT WAIT_FOR_EXECUTED_GTID_SET(
  '3E11FA47-71CA-11E1-9E33-C80AA9429562:5731', 1);
```

0 வந்தால் அந்த மாற்றம் அங்கே வந்துவிட்டது. 1 வந்தால் ஒரு நொடி காத்தும் வரவில்லை. அப்போது அந்தப் படிக்கும் வினவலை மட்டும் பிரைமரிக்கு அனுப்புங்கள்.

இதுவரை சொன்னது எரிச்சல் தரும் பிழை, அவ்வளவுதான். அதே இடைவெளிக்குள் பிரைமரி மாறினால் விஷயம் கைமீறிப் போகும். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் பழுதான ஆப்டிகல் கருவியை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த அவர்களது முதன்மை டேட்டா சென்டரின் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. பிரைமரி விழுந்தால் ஒரு ரெப்ளிகாவைப் பிரைமரி ஆக்கும், அதாவது ஃபெயில்ஓவர் செய்யும், ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்து, மேற்குக் கரையில் இருந்த ரெப்ளிகாக்களைப் பிரைமரி ஆக்கியது. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில மாற்றங்கள் மேற்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இணைப்பு திரும்பியதும் புதிய எழுத்துகள் மேற்கே குவிந்தன. கிழக்கில் இருந்தது மேற்கில் இல்லை, மேற்கில் இருந்தது கிழக்கில் இல்லை. எந்தப் பக்கத்தையும் அப்படியே தூக்கி எறிய முடியாது. அவர்களுடைய பரபரப்பான ஒரு கிளஸ்டரில் மட்டும் இப்படி 954 எழுத்துகள் சிக்கின. 43 நொடி அறுந்ததற்கு, சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது.

தவறு ஃபெயில்ஓவரைத் தானியங்கியாக வைத்ததில் இல்லை என்பது என் கருத்து. நாட்டின் மறுகரையில் இருப்பதையும் பக்கத்து ரேக்கில் இருப்பதையும் ஒரே தகுதியுள்ள வாரிசாக வைத்ததில்தான் இருக்கிறது. பிற்பாடு அவர்களும் பிராந்தியம் தாண்டிப் பிரைமரி மாறாதபடி ஆர்கெஸ்ட்ரேட்டரை அமைத்தார்கள்.

ஒரு ரெப்ளிகாவாவது பெற்றுக்கொண்டதாகச் சொல்லும்வரை பிரைமரியைக் காத்திருக்க வைக்கும் செமி-சிங்க் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் `rpl_semi_sync_source_timeout` மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பு 10 நொடி. அதற்குள் எந்த ரெப்ளிகாவும் பதில் தராவிட்டால் பிரைமரி சத்தமில்லாமல் பழைய காத்திருக்காத முறைக்கே போய்விடும். அதாவது, நெட்வொர்க் நீண்ட நேரம் அறுந்திருக்கும்போதுதான் காப்பும் கழன்றுவிடுகிறது.

பழைய பிரைமரி மீண்டதும் அதை அப்படியே கிளஸ்டரில் சேர்ப்பது அடுத்த தவறு. முதலில் இரண்டு பக்கத்து `gtid_executed` மதிப்புகளையும் எடுத்து `GTID_SUBTRACT(பழையது, புதியது)` போட்டுப் பாருங்கள். விடை காலியாக இல்லையென்றால், அங்கே மட்டுமே இருக்கும் எழுத்துகள் அவைதான். பைனரி லாகிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

டேட்டாவை ஷார்டுகள் என்ற தனித்தனி டேட்டாபேஸ்களாகப் பிரிக்கும் ஷார்டிங் வந்துவிட்டால் இவ்வளவும் ஷார்டுக்கு ஒருமுறை தனித்தனியாக நடக்கும். ஆர்டர் 3-ஆம் ஷார்டில், பணம் கட்டிய பதிவு 7-இல் என்று வைத்துக்கொள்வோம். 7 மட்டும் ஃபெயில்ஓவர் ஆகிக் கடைசி இரண்டு நொடியை இழந்தால், "பணம் வந்துவிட்டது" என்று ஆர்டர் சொல்லும். பணப் பதிவைக் காணோம். எந்த ஷார்டும் தன்னளவில் பழுதில்லை என்பதால் எந்த அலாரமும் அடிக்காது. பணப் பதிவின் எண்ணை ஷார்டின் ஆட்டோ-இன்க்ரிமென்ட்டுக்கு விட்டிருந்தால் இன்னும் மோசம்: இழந்த எண்ணையே புதிய பிரைமரி வேறொருவருடைய பணத்துக்குக் கொடுத்துவிடலாம், இவருடைய ஆர்டர் அவருடைய பணத்தைக் காட்டும். எண்ணை அப்ளிகேஷனே உருவாக்கி இரண்டு ஷார்டிலும் எழுதட்டும். ஜோடியில்லாத ஆர்டர்களை மணிக்கொரு முறை தேடும் ஒரு சின்ன ஜாபும் ஓடட்டும். ஆனால் அது ரெப்ளிகாவில் ஓடக்கூடாது. அங்கே ஓடினால் இன்னும் வந்து சேராததையெல்லாம் தொலைந்ததாகக் கணக்குக் காட்டும்.