சித்திரை வாழ்த்தும் புத்தக விற்பனையும்: சிறு கடைகள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 14 அன்று காலையில் கைபேசியைத் திறப்பவருக்கு நகைக்கடை, ஜவுளிக்கடை, வங்கி என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வாழ்த்துகள் வந்து குவிந்திருக்கும். அவற்றுக்கு நடுவே சிறிய புத்தகக்கடை ஒன்றின் வாழ்த்தும் இருக்கும். அந்தக் கடைக்காரர் பெரும்பாலான வாடிக்கையாளர்களை முகம் பார்த்து அறிந்தவர்; யார் எதைப் படிப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் பெரிய நிறுவனங்களின் விளம்பர நடையைக் கடன் வாங்கி எழுதும்போதுதான் முதல் தவறு தொடங்குகிறது.

வழக்கமாகக் கண்ணில் படும் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: “இனிய தமிழ்ப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்! உங்கள் வாழ்வில் எல்லா வளமும் நலமும் பெருகட்டும்! புத்தாண்டு அதிரடிச் சலுகை! அனைத்து நூல்களுக்கும் 25 விழுக்காடு தள்ளுபடி! இன்று ஒரு நாள் மட்டும்! முந்துங்கள்!!!” இதில் பொய் எதுவும் இல்லை, எழுதியவருக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் முதல் இரண்டு வரிகளை எந்தக் கடையும் எழுதியிருக்கலாம் என்பதால் வாசகர் அவற்றை வாழ்த்தாகவே எடுத்துக்கொள்வதில்லை. சலுகைக்கு முன்னால் ஒட்டப்பட்ட முகப்பாகவே பார்க்கிறார்.

இதைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பதிவில் விற்பனை தொடர்பான வரிகளை எல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். அது உங்கள் கடையிலிருந்து உங்கள் வாசகருக்குச் செல்லும் முழுமையான வாழ்த்தாக நிற்கிறதா? பிறகு வாழ்த்தை அடித்துவிட்டு மற்றப் பகுதியைப் படியுங்கள். என்ன கிடைக்கும், எதுவரை கிடைக்கும், எப்படி வாங்குவது என்ற மூன்றும் அதில் தெரிகிறதா? பல பதிவுகள் முதல் பாதியில் தோற்கும். கூச்ச சுபாவமுள்ள கடைக்காரர்களின் பதிவுகள் இரண்டாம் பாதியில் தோற்கும்: “புதிய நூல்களும் வந்துள்ளன, வாருங்கள்” என்று மட்டும் எழுதிவிட்டு, யாரும் ஏன் வரவில்லை என்று வியப்பார்கள். இரண்டு பகுதிகளையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடாமல், இடையே ஒரு வெற்று வரி விட்டுத் தனித்தனிப் பத்திகளாக எழுதுவதே நல்லது. “இந்தப் புத்தாண்டில் அறிவுச் செல்வம் பெருக எங்கள் கடைக்கு வாருங்கள்” போன்ற வாக்கியம் வாழ்த்தையும் கெடுக்கிறது, விற்பனையையும் கெடுக்கிறது.

அடுத்தது தள்ளுபடி. விற்பனை என்றாலே விலைக் குறைப்புதான் என்று நினைப்பது சிறு கடைக்கு ஆபத்தான பழக்கம். கணக்கைப் போட்டே பார்ப்போம். பதிப்பகம் கடைக்கு 30 விழுக்காடு கழிவு தருவதாக வைத்துக்கொண்டால், 200 ரூபாய் நூல் கடைக்கு 140 ரூபாய்க்கு வருகிறது. வாசகருக்கு 10 விழுக்காடு குறைத்து 180 ரூபாய்க்கு விற்றால் 40 ரூபாய் நிற்கும். 25 விழுக்காடு குறைத்து 150 ரூபாய்க்கு விற்றால் நிற்பது 10 ரூபாய்தான். அதில் கட்டுகிற காகிதம், கூரியர் கட்டணத்தில் கடை ஏற்கும் பங்கு, வாடகை எல்லாம் அடங்க வேண்டும். “அனைத்து நூல்களுக்கும்” என்று எழுதிவிட்டால், இதைவிடக் குறைவான கழிவில் வரும் நூல்களை நட்டத்துக்கே கொடுக்க நேரும். சென்னைப் புத்தகக் காட்சியில் பல ஆண்டுகளாகப் பழகிய 10 விழுக்காட்டையே வாசகர்கள் இயல்பான கழிவாகக் கருதுகிறார்கள். ஜனவரியில் காட்சிக்குச் சென்று வாங்கியவர், மூன்றே மாதத்தில் அதே நூலைக் கால் பங்கு குறைத்துத் தருவதைக் கண்டால் அடுத்த முறை காத்திருக்கக் கற்றுக்கொள்வார் என்பதையும் மறக்கக் கூடாது.

தள்ளுபடியைவிட வலுவான கொக்கி சித்திரை மாதத்திலேயே இருக்கிறது. ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குள் நுழையும் நேரம் இது. பல வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அன்று கையில் பணம் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் ஒரு பிள்ளை தானே தேர்ந்து வாங்கக்கூடிய நூல்கள் இவை என்று கடை ஒரு மேசையை ஒதுக்கினால், அந்த விற்பனைக் குறிப்பு அன்றைய நாளோடு இயல்பாகப் பொருந்துகிறது. பஞ்சாங்கமும் அப்படித்தான். இலக்கியக் கடைகள் சில அதைக் கீழாக நினைப்பதுண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. புத்தாண்டன்று பஞ்சாங்கம் படிக்கும் வழக்கம் உள்ள வீட்டுக்கு அது தேவையான நூல். ஆனால் அன்று படிப்பதற்கு அது அதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே பஞ்சாங்கம் வந்திருக்கிறது, அது வாக்கியமா திருக்கணிதமா என்ற செய்தியைப் பத்து நாள் முன்னதாகத் தனியாகச் சொல்ல வேண்டும். புத்தாண்டு வாழ்த்தோடு சேர்த்துச் சொல்வது பந்தி முடிந்தபின் இலை போடுவதற்குச் சமம்.

நாளைக் கவனிக்காமல் எழுதும் தவறு வேறு வடிவங்களிலும் வரும். ஏப்ரல் 14 தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. கடை திறந்திருக்குமா, அரை நாளா என்று முடிவு செய்யாமலேயே “இன்று மட்டும்” என்று அறிவிப்பவர்கள் உண்டு. யுபிஐ வழியே பணம் அன்றே வந்துவிடும், ஆனால் பொட்டலம் மறுநாள்தான் கிளம்பும், அதைப் பதிவிலேயே சொல்லாவிட்டால் மாலைக்குள் “அனுப்பியாச்சா?” என்ற கேள்விகள் வந்து நிற்கும். ஒரு நாள் சலுகைக்குப் பதில் ஒரு வாரம் கொடுத்தால் கடைக்காரரும் பண்டிகையை நிம்மதியாகக் கொண்டாடலாம். பதிவில் சொன்ன மேசையை முந்தைய நாளே அடுக்கி, ஒவ்வொரு நூலிலும் எத்தனை படிகள் கையிருப்பில் உள்ளன என்று எண்ணி வைத்துவிட வேண்டும். “இருப்பு இல்லை” என்ற பதில், வாழ்த்து அனுப்பிய அன்றே போகக் கூடாது.

ஆண்டின் பெயர் இன்னொரு கண்ணி. சென்ற ஆண்டுப் படத்தையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவதால், 2025இல் பிறந்த விசுவாவசுவை 2026இலும் வரவேற்கும் வாழ்த்துகள் வரும். 2026 ஏப்ரலில் பிறப்பது பராபவ. திருவள்ளுவர் ஆண்டையும் இதில் கலக்கக் கூடாது. அது ஆங்கில ஆண்டோடு 31ஐக் கூட்டிச் சொல்லப்படுவது, தை மாதத்திலேயே மாறிவிடுவது. சித்திரையில் “திருவள்ளுவர் ஆண்டு 2057 பிறந்தது” என்று எழுதினால், அது ஏற்கெனவே பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்று யாராவது பின்னூட்டத்தில் திருத்துவார். வேறு கடைக்கு இது சிறு பிழை; புத்தகக்கடைக்கு அப்படி அல்ல.

தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று கருதும் வாசகர்களும் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். 2008இல் தமிழ்நாடு அரசு அவ்வாறே சட்டம் இயற்றியது. 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டுச் சித்திரை மீண்டது. வாழ்த்துப் பதிவில் இந்த வழக்கை மறு விசாரணை செய்ய வேண்டியதில்லை. “சித்திரை முதல் நாள் வாழ்த்துகள்” என்ற சொல்லாட்சி இரு தரப்பாருக்கும் இடையூறு இல்லாதது. அதே ஏப்ரல் 14தான் அம்பேத்கரின் பிறந்தநாள். தமிழ்நாட்டில் 2022 முதல் அது சமத்துவ நாள். அவரது நூல்களை அன்று முன்வைக்க விரும்பும் கடைகள் அதற்கெனத் தனிப் பதிவு எழுதுவதே முறை. ஒரே படத்தில் மாங்கனித் தட்டு, அவரது உருவம், தள்ளுபடி எண் ஆகிய மூன்றையும் நிரப்பினால் எதற்கும் மரியாதை இருக்காது.

வடிவத்தில் இரண்டு செய்திகள் போதும். வாழ்த்துப் படத்தைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் செய்தால் தமிழ் எழுத்து உடைந்துபோகும்: “கொ” என்பதில் கொம்பும் காலும் தங்கள் இடத்தை விட்டு நகர்ந்து கிடக்கும். கணினித் திரையில் சிறிதாகப் பார்க்கும்போது கண்ணில் படாது. கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். தொலைபேசி எண்ணையும் படத்துக்குள் மட்டும் வைக்காமல் கீழே எழுத்தாகவும் கொடுத்தால்தான் வாசகர் அதைத் தொட்டு அழைக்க முடியும்.

முன்னே காட்டிய பதிவை இந்தக் கவனத்தோடு திருத்தி எழுதினால் இப்படி வரும்:

“வாசகர்களுக்குச் சித்திரை முதல் நாள் வாழ்த்துகள். சென்ற ஆண்டு முழுவதும் கடைக்கு வந்து, நூல்களைப் புரட்டி, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் படித்ததைப் பற்றி எங்களோடு பேசிச் சென்றவர்கள் நீங்கள். உங்கள் வீடுகளில் இந்த ஆண்டு உடல்நலமும் மனநிறைவும் தங்கட்டும்.

விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்காக, எட்டு முதல் பன்னிரண்டு வயதினர் தாமே படிக்கத்தக்க கதை நூல்களை முன்மேசையில் எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் 100 ரூபாய்க்குள். ஏப்ரல் 20 வரை இவற்றுக்கு 10 விழுக்காடு கழிவு உண்டு. இன்று கடை விடுமுறை. நாளை காலை 10 மணிக்குத் திறப்போம். வெளியூர் வாசகர்களின் நூல்களும் நாளை முதல் அனுப்பப்படும்.”

இதில் கழிவு ஒரு மேசையோடு நின்றுவிடுவதால் கணக்கு கைமீறிப் போகாது. வாங்காதவரையும் வாழ்த்து சேர்த்துக்கொள்வதால், இரண்டாம் பத்தியைப் படிக்காமல் நகர்பவருக்கும் அவருக்கு உரியது கிடைத்துவிடுகிறது. வியப்புக்குறி ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

பதிவு போன பிறகும் ஒரு தவறுக்கு இடம் உண்டு. “உங்களுக்கும் வாழ்த்துகள்” என்று பதில் அனுப்பும் வாசகருக்கு, தானியங்கிப் பதிலாக விலைப்பட்டியல் செல்லும்படி சிலர் வாட்ஸ்அப்பில் அமைத்து வைத்திருக்கிறார்கள். அன்று ஒரு நாளைக்கேனும் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, பெயர் சொல்லி “நன்றி” என்று கையால் எழுதி அனுப்புங்கள். விலை கேட்பவருக்கு மட்டும் விலை சொன்னால் போதும்.