பி-டு-பி கடன்: திரும்பி வராத பணம் யார் தலையில் விழும்?

சம்பளச் சீட்டு கிடையாது, அடமானம் வைக்கச் சொத்து கிடையாது, சிபில் மதிப்பெண்ணும் சுமார்தான். இப்படிப்பட்டவருக்கு வங்கி கடன் தராது. அந்த இடத்தில்தான் பியர் டு பியர் தளங்கள் வருகின்றன. கடன் வேண்டுபவரையும் கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பவரையும் செயலி வழியாக இணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். இந்தியாவில் இதற்கு 2017 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. ஆனால் கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் நட்டம் யாருக்கு என்ற கேள்வியை, பணம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பணம் போன பிறகுதான் கேட்கிறார்கள்.

தளத்தை வங்கி என்றோ சீட்டுக் கம்பெனி என்றோ நினைப்பது

வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு வங்கியே கடனாளி. அது கொடுத்த கடன் வராவிட்டால் அதன் லாபமும் மூலதனமும் முதலில் அடி வாங்கும். வங்கியே மூழ்கினாலும் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது. பதிவு செய்த சீட்டில் கூட, ஏலம் எடுத்தவர் தவணை கட்டாமல் ஓடிப்போனால் மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு நடத்துபவருக்கு உண்டு. அதற்காகவே அவர் பிணை வைத்துத்தான் சீட்டு ஆரம்பிக்க வேண்டும்.

பி-டு-பி தளத்துக்கு இந்த இரண்டு பொறுப்பும் இல்லை. கடன் பத்திரம் உங்களுக்கும் கடன் வாங்கியவருக்கும் இடையில்தான். தளம் தன் பணத்தைக் கடனாகக் கொடுக்கவும் கூடாது, உங்கள் நட்டத்தை ஏற்கவும் கூடாது. அடமானக் கடனுக்கும் அனுமதி இல்லை. எல்லாமே பிணையில்லாக் கடன். 2024 ஆகஸ்டில் வந்த திருத்தம் இதை இன்னும் கறாராகச் சொன்னது: அசலோ வட்டியோ இரண்டுமோ போனால் முழு நட்டமும் கடன் கொடுத்தவருடையது. அதற்கு முன்பு சில தளங்கள் 'எப்போது வேண்டுமானாலும் பணத்தை எடுக்கலாம்', 'இத்தனை சதவீதம் நிச்சயம்' என்ற பாணியில் ஃபிக்சட் டெபாசிட் போலவே விற்றுக்கொண்டிருந்தன. அப்படி விற்கக்கூடாது என்று அந்தத் திருத்தம் தடுத்துவிட்டது. இன்றும் யாராவது அப்படிப் பேசினால் அவர் விதியை மீறுகிறார் என்று பொருள்.

அதே திருத்தத்தில் பலர் கவனிக்காத வரி ஒன்று உண்டு. தளத்தின் கட்டணம் நிலையான தொகையாகவோ கடன் தொகையில் நிலையான விகிதமாகவோ இருக்க வேண்டும். கடன் திரும்பி வந்ததா இல்லையா என்பதை வைத்து அது மாறக்கூடாது. தளம் நட்டத்தை மறைமுகமாகச் சுமக்காமலிருக்க நல்ல விதிதான். ஆனால் கடன் வாராமல் போனாலும் தளத்துக்கு அதன் கூலி வந்துவிடும் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

18 சதவீதம் என்றால் 18,000 ரூபாய் என்று கணக்குப் போடுவது

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாயை 100 பேருக்கு ஆளுக்கு 1,000 ரூபாயாகப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். ஆண்டு வட்டி 18 சதவீதம், 12 மாதத் தவணை. மாதத் தவணை ஏறக்குறைய 92 ரூபாய் வரும். எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் ஒவ்வொருவரிடமிருந்தும் வட்டியாக வருவது 180 ரூபாய் அல்ல, 100 ரூபாய்தான். அசல் மாதாமாதம் திரும்பி வருவதால், சராசரியாகப் பாதிப் பணம்தான் வெளியில் இருக்கிறது. ஆக ஒரு லட்சத்துக்கு 10,000 ரூபாய். வந்த பணத்தை உடனுக்குடன் மறுபடி கடன் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஆபத்தும் கூடவே வரும்.

இப்போது 100 பேரில் 6 பேர் மூன்று தவணை கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒன்பது தவணை, அதாவது சுமார் 825 ரூபாய் நிற்கும். ஆறு பேருக்கும் சேர்த்து 4,950. மீதி சுமார் 5,050 ரூபாய். தளக் கட்டணம் ஒரு சதவீதம் என்றால் 1,000 கழியும். அடுத்தது வருமான வரி. கைக்கு வந்த வட்டி முழுவதும் உங்கள் வருமானத்தில் சேரும்; கடன் கொடுப்பதைத் தொழிலாக நடத்தாத தனிநபர், போன அசலை அந்த வட்டியில் கழித்துக்கொள்ள முடியாது. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு இன்னும் 2,000 ரூபாய் போகும். கையில் நிற்பது 2,000 சொச்சம்.

ஆறு பேர் பன்னிரண்டு பேராகிவிட்டால் வட்டி வருமானம் முழுவதும் கரைந்துவிடும். கட்டணத்தையும் வரியையும் அசலிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

நின்றுபோன 825 ரூபாய்க்காக யார் வழக்குப் போடப் போகிறார்கள்? தளம் வசூலுக்கு உதவலாம், ஃபோன் பண்ணலாம், நோட்டீஸ் அனுப்பலாம். அதற்கு மேல் போனால் செலவு கடனைத் தாண்டிவிடும். சிறு துண்டுகளாகப் பிரிப்பது ஒருவர் ஏமாற்றினால் காப்பாற்றும். ஆனால் ஒவ்வொரு துண்டையும் துரத்திப் பிடிக்க முடியாதபடியும் ஆக்கிவிடும். 2020-ல் கொரோனா வந்தபோது போல எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருமானம் நின்றால் பிரித்துப் போட்டதும் பெரிதாக உதவாது.

வாராக்கடன் சதவீதத்தை அப்படியே நம்புவது

இதுதான் படித்தவர்களும் சறுக்குகிற இடம். தளங்கள் தங்கள் வாராக்கடன் நிலவரத்தை இணையத்தில் வெளியிட வேண்டும். அங்கே 1.5 சதவீதம் என்று போட்டிருந்தால் மனசு குளிரும். ஆனால் கீழே வகுக்கும் எண் என்ன என்று பாருங்கள். ஒரு தளம் போன வருஷம் 10 கோடி கொடுத்து, அதில் 60 லட்சம் வரவில்லை. அது 6 சதவீதம். இந்த வருஷம் வேகமாக வளர்ந்து 30 கோடி புதிதாகக் கொடுத்தது. புதுக் கடனில் இப்போதுதான் ஓரிரு தவணை ஓடியிருக்கிறது. கெட்டுப்போக நேரமே வரவில்லை. 60 லட்சத்தை மொத்தம் 40 கோடியால் வகுத்தால் 1.5 சதவீதம்! வளர்ச்சி நின்ற மாதத்திலிருந்து இதே எண் ஏற ஆரம்பிக்கும். எனவே கேட்க வேண்டியது மொத்தச் சதவீதம் அல்ல: ஒன்றரை வருஷம் முன்பு ஒரு குறிப்பிட்ட மாதத்தில் கொடுத்த கடனில் இன்றுவரை எவ்வளவு வந்திருக்கிறது என்பது. அதைக் காட்ட மறுக்கும் தளத்தில் நான் பணம் போட மாட்டேன்.

'கடன் வராவிட்டால் ஈடுகட்ட எங்களிடம் தனி நிதி இருக்கிறது' என்ற சொல்லும் இப்படித்தான். பிரிட்டனில் ரேட்செட்டர் என்ற தளம் அப்படியொரு நிதியைப் பெரிதாகச் சொல்லி வளர்ந்தது. 2020 மே மாதம் நெருக்கடி வந்ததும், கடன் கொடுத்தவர்களின் வட்டியைப் பாதியாகக் குறைத்து அந்த நிதியை நிரப்பியது. காப்பாற்ற வைத்த நிதிக்குப் பணம் கொடுத்ததும் அவர்களேதான். இந்தியாவில் இப்போது தளங்கள் இப்படிப்பட்ட உத்தரவாதம் எதையும் தரக்கூடாது.

இணையத்தில் பலரிடம் திரட்டும் பணம் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

சிகிச்சைக்கோ படிப்புக்கோ நன்கொடை திரட்டும் தளத்தில் கொடுத்தால் திரும்பி வரும் என்ற பேச்சே இல்லை. பணம் சொன்ன காரியத்துக்குப் போனதா என்பது மட்டும்தான் கேள்வி. 'ஸ்டார்ட்அப்பில் பங்கு தருகிறோம், ஆளுக்குப் பத்தாயிரம் போடுங்கள்' என்று பொதுமக்களிடம் ஆன்லைனில் திரட்டுவது வேறு கதை. இதற்கு இங்கே அனுமதி கிடையாது. இப்படிப்பட்ட தளங்கள் பற்றி செபி 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

கடன் வாங்குபவரின் தவறு

'பேங்க் இல்லையே, யாரோ நூறு பேர் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தது, கட்டாவிட்டால் என்ன ஆகும்?' தளங்கள் கடன் விவரங்களைச் சிபில் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். நூறு பேரில் ஒருவரும் வழக்குப் போடாமல் போகலாம். ஆனால் நின்றுபோன தவணை உங்கள் பெயரில் பதிவாகும். பின்னால் நகைக்கடனைத் தாண்டி வேறு எந்தக் கடனுக்கு வங்கிக்குப் போனாலும் மேலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லாத் தளங்களிலும் சேர்த்து ஒருவர் 10 லட்சத்துக்கு மேல் வாங்கக்கூடாது, தவணைக் காலம் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. ஒரு தளத்தின் தவணையைக் கட்ட இன்னொரு தளத்தில் வாங்குகிறவர், அந்த 10 லட்சம் நிரம்பும் முன்பே தவணைக்குத் திணற ஆரம்பித்துவிடுகிறார்.