கூட்டுச் செலவைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: நிலையான மொத்த லாப விகித முறை

எல்லாப் பொருளுக்கும் விற்பனையில் ஒரே லாப விகிதம் வருமாறு கூட்டுச் செலவைப் பிரிப்பதுதான் இந்த முறை. கூட்டல் கழித்தல் பிழைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. கணக்கு அழகாக நேர்பட்டும் விடை தப்பாகப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. புதிதாகச் செலவுக் கணக்கு போடுபவர்கள் திரும்பத் திரும்ப அங்கேதான் விழுகிறார்கள்.

ஒரு பால் பண்ணையின் மாதக் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பாலைக் கடைந்து பிரிக்கும் வரை ஆன கூட்டுச் செலவு ரூ.3,00,000. அதிலிருந்து 600 கிலோ வெண்ணெயும் (கிலோ ரூ.400) 800 கிலோ பால் பவுடரும் (கிலோ ரூ.200) கிடைக்கின்றன. பிரிந்த பிறகு வெண்ணெய்க்கு ரூ.10,000, பவுடருக்கு ரூ.50,000 தனிச் செலவு.

விற்றதை வைத்து விகிதம் காண்பது

முதலில் சரியான வழி. உற்பத்தி முழுவதன் விற்பனை மதிப்பு 2,40,000 + 1,60,000 = ரூ.4,00,000. மொத்தச் செலவு ரூ.3,60,000. ஆக லாபம் ரூ.40,000, அதாவது 10%. வெண்ணெயின் மதிப்பில் 10% கழித்தால் மிஞ்சுவது 2,16,000. தனிச் செலவு 10,000 போக, அதன் கூட்டுச் செலவுப் பங்கு ரூ.2,06,000. பவுடருக்கு 1,44,000 – 50,000 = ரூ.94,000. இரண்டும் சேர்ந்தால் 3,00,000.

இப்போது மாதக் கடைசியில் 200 கிலோ பவுடர் விற்காமல் இருப்பில் நிற்கிறது என்று வையுங்கள். உடனே பலர் விற்பனையை ரூ.3,60,000 என்று எடுத்துவிடுகிறார்கள். செலவும் 3,60,000 என்பதால் லாப விகிதம் பூஜ்யம். வெண்ணெய்க்கு 2,30,000, பவுடருக்கு 70,000 என்று பங்கு வரும். இதுவும் கூட்டினால் 3,00,000தான்! அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை.

விளைவைப் பாருங்கள். பவுடரின் அடக்கவிலை கிலோ 180 ரூபாயிலிருந்து 150 ஆகக் குறைகிறது. இறுதிச் சரக்கிருப்பு 36,000க்குப் பதில் 30,000 ஆகிறது. மாத லாபமும் அதே 6,000 குறைகிறது. செலவு உற்பத்தி முழுவதற்கும் ஆனது. அதற்கு எதிரே விற்ற பகுதியை மட்டும் வைத்தால் ஒப்பீடே தப்பு.

கண்டுபிடிக்க வழி: பங்குகளைக் கூட்டிப் பார்த்து நிறுத்தாதீர்கள். பொருள்வாரியாக விற்பனை லாபத்தைப் போடுங்கள். தவறான கணக்கில் வெண்ணெய் 0%, பவுடர் 25% காட்டும். இந்த முறையில் இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

எதிர்மறைப் பங்கைப் பூஜ்யமாக்குவது

கூட்டுச் செலவு 2,00,000, பவுடரின் தனிச் செலவு 1,50,000 என்று மாறினால் விகிதம் அதே 10%. பவுடரின் பங்கு 1,44,000 – 1,50,000 = –6,000; வெண்ணெயின் பங்கு 2,06,000. கழித்தல் குறியைக் கண்டு பயந்து அதை அழித்தால் விகிதம் உடையும். பவுடர் தன் தனிச் செலவை எடுத்தபின் 10% தரவில்லை, குறையை வெண்ணெய் தாங்குகிறது. அந்த எண் சொல்வது அதைத்தான்.

மோரின் வரவு

வெண்ணெய் எடுக்கும்போது கூடவே கிடைக்கும் மோர் ஒரு துணைப் பொருள். அதன் நிகர வரவைக் கூட்டுச் செலவில் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

10% காட்டுகிறதே என்று பவுடர் தயாரிப்பைத் தொடர்வது

அந்த 10% நாமே வைத்தது. முடிவுக்குப் பவுடரின் கூடுதல் வரவையும் தனிச் செலவையும் மட்டும் பாருங்கள்.