ஊனோவிலிருந்து தனி சிப்புக்கு: பம்புசெட் கன்ட்ரோலருக்கு போர்டு போட்ட அனுபவம்

மன்னார்குடி பக்கம் எங்கள் போர் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர் செய்திருந்தேன். மும்முனை கரண்ட் வந்ததும் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் எடுக்கும், தொட்டி நிறைந்ததும் நிறுத்தும், ஜிஎஸ்எம் மாட்யூல் வழியாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அர்டுயினோ ஊனோவில் ஒரு பருவம் ஓடியது. ஆனால் மோட்டார் கொட்டகையின் அதிர்வில் ஜம்பர் ஒயர்கள் கழன்றுகொண்டே இருந்தன. அதனால் அதே அட்மெகா 328பி சிப்பைத் தனியாக வாங்கி, சொந்தமாக ஒரு போர்டு வடிவமைத்தேன். போர்டு வரைவதும் பற்ற வைப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 28 கால் உள்ள டிப் வகை சிப்பையே வாங்குங்கள், சாக்கெட்டில் வையுங்கள். ஏன் என்று பின்னால் புரியும்.

பவர்

12 வோல்ட் அடாப்டர், அதன் பின் 7805. ரிலேயும் 12 வோல்ட் காயில் உள்ளதாக வாங்கி அடாப்டரிலிருந்தே நேராகக் கொடுத்தேன். அதனால் 7805 சுமப்பது சிப்பையும் ஓரிரு எல்இடிகளையும் மட்டும்தான். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 7 வோல்ட் × 0.05 = 0.35 வாட் சூடு. ஹீட் சிங்க் வேண்டாம். ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னல் அனுப்பும் கணத்தில் ஆம்பியர் கணக்கில் இழுக்கும், அதற்குத் தனி சப்ளை கொடுங்கள்.

சிப்பில் 7ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் இரண்டுக்குமே 5 வோல்ட் போக வேண்டும். 20 அனலாக் பகுதியின் சப்ளை. அனலாக் பயன்படுத்தாவிட்டாலும் அதை விட்டுவிடக் கூடாது. 8, 22 இரண்டும் கிரவுண்ட். ஒவ்வொரு சப்ளை காலுக்கும் ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர். 21ஆம் காலில் 5 வோல்ட் கொடுக்காதீர்கள், அங்கே கிரவுண்டுக்கு ஒரு 0.1 கண்டென்சர் போதும்.

ரீசெட்

1ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். காண்டாக்டர் அடிக்கும்போது வரும் இரைச்சல் அந்தக் காலில் ஏறாமல் இருக்க, கிரவுண்டுக்கு 0.1 கண்டென்சர் ஒன்றும் போட்டேன். ஊனோ மாதிரி சீரியல் வழியாகத் தானாக ரீசெட் ஆகி புரோகிராம் ஏற வேண்டும் என்றால் இந்தக் கண்டென்சரைப் போடாதீர்கள். அந்த ஏற்பாட்டில் டிடிஆர் கோட்டுக்கும் ரீசெட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு 0.1 தொடராக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரீசெட் துடிப்பு பாதியாகிவிடும்.

புரோகிராமிங் ஹெடர்

நான் பூட்லோடரை விட்டுவிட்டேன். வயலில் கிடக்கும் போர்டுக்கு அது தேவையில்லை. 2×3 ஹெடர் ஒன்று வைத்து, யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரால் நேராக ஏற்றுகிறேன். இன்னொரு ஊனோவையே புரோகிராமராக்கும் வழியும் உண்டு, ஆனால் ஒயர் குழப்பம் அதில் அதிகம். ஹெடரின் வரிசை: 1 மிசோ (சிப்பில் 18ஆம் கால்), 2 ஐந்து வோல்ட், 3 எஸ்சிகே (19), 4 மோசி (17), 5 ரீசெட் (1), 6 கிரவுண்ட். அடாப்டரும் புரோகிராமரும் ஒரே நேரத்தில் 5 வோல்ட் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊனோவில் என் ரிலே 11ஆம் பின்னில் இருந்தது. அதுதான் மோசி. புதிய போர்டிலும் அப்படியே வைத்துப் புரோகிராம் ஏற்றியபோது ரிலே படபடவென்று அடித்தது. ஸ்டார்ட்டரோடு இணைந்தே இருந்ததால் கொட்டகையிலிருந்து சித்தப்பா, "தம்பி, மோட்டார் உறுமி உறுமி நிக்குது, என்ன பண்றே?" என்று குரல் கொடுத்தார். ரிலேயை ஊனோ கணக்கில் 7ஆம் பின்னுக்கு மாற்றினேன். 11, 12, 13 மூன்றிலும் ரிலே வைக்காதீர்கள். ஏற்றும்போது ஸ்டார்ட்டர் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

கிளாக்: நான் மூன்று நாள் நின்ற இடம்

புது சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போது கிரிஸ்டலைப் பார்ப்பதே இல்லை. உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஊனோவுக்கு எழுதிய பிளிங்க் புரோகிராமை அதில் ஏற்றினால் ஒரு விநாடி 16 விநாடியாக நீளும். எதில் ஓட வேண்டும் என்பதை முடிவுசெய்வது ஃபியூஸ். மோட்டார் பெட்டியின் ஃபியூஸ் கட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது சிப்புக்குள் எழுதி வைக்கும் அமைப்பு.

எஸ்எம்எஸ் இல்லாத கன்ட்ரோலர் என்றால் உள் ஆசிலேட்டரே போதும் என்பேன். ஆனால் அதன் வேகம் 10 சதவீதம் வரை தவறலாம். சீரியலில் பேசும் ஜிஎஸ்எம் மாட்யூல் அந்த அளவு தவறைத் தாங்காது. அதனால் 9, 10ஆம் கால்களில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோ ஃபாரட். கிரிஸ்டல் சிப்பை ஒட்டியே இருக்கட்டும், ரிலேயின் கோடு அதனடியில் போக வேண்டாம்.

முதலில் ஃபியூஸைப் படித்துப் பாருங்கள்:

```
avrdude -c usbasp -p m328p -B 10 -U lfuse:r:-:h
```

`0x62` என்று வந்தால் புது சிப். அந்த `-B 10` முக்கியம். புரோகிராமரின் வேகம் சிப் கிளாக்கில் கால் பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், 1 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு வேகமாகப் பேசினால் பதிலே வராது. அப்புறம் கிரிஸ்டலுக்கு மாற்றுவது:

```
avrdude -c usbasp -p m328p -B 10 -U lfuse:w:0xF7:m -U efuse:w:0xFC:m
```

ஊனோவில் முதல் எண் `0xFF`. நான் `0xF7` போடுவதன் காரணம், அது கிரிஸ்டலை முழு வீச்சில் ஆட்டும். காண்டாக்டர் பக்கத்தில் இருக்கும் போர்டுக்கு அதுதான் நல்லது. `0xFC` என்பது சப்ளை 4.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப்பை ரீசெட்டில் பிடித்து வைக்கும். கரண்ட் வந்ததும் ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் தாழ்ந்து, சிப் அரைகுறையாக ஓடி ரிலேயைத் தப்பாக அடிப்பதை இது தடுத்தது.

இந்தக் கட்டளையைக் கொடுத்ததும் என் சிப் செத்ததுபோல ஆகிவிட்டது. அதன் பிறகு எதைக் கேட்டாலும் `target does not answer`. ஒயர், ஹெடர், புரோகிராமர் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கண்டென்சர் மேல் 221 என்று இருந்தது. கடைசி இலக்கம் எத்தனை சுழியம் என்பது: 220 என்றால் 22 பிகோ ஃபாரட், 221 என்றால் 220 பிகோ ஃபாரட். பத்து மடங்கு சுமையில் கிரிஸ்டல் ஆடவே இல்லை. கிளாக் இல்லாத சிப்பால் புரோகிராமருக்கும் பதில் சொல்ல முடியாது.

கண்டென்சரை மாற்றினாலே என் சிப் பேசியிருக்கும். கையில் சரியான கண்டென்சர் இல்லாததால் வெளியிலிருந்து கிளாக் கொடுத்து எழுப்பினேன். சிப்பை சாக்கெட்டிலிருந்து பிரெட்போர்டுக்கு மாற்றி, பழைய ஊனோவில் இதை ஏற்றுங்கள்:

```
void setup() {
  pinMode(9, OUTPUT);
  TCCR1A = _BV(COM1A0);
  TCCR1B = _BV(WGM12) | _BV(CS10);
  OCR1A = 7;
}
void loop() {}
```

ஊனோவின் 9ஆம் பின்னில் 1 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வரும். அதைச் சிப்பின் 9ஆம் காலில் கொடுத்து, கிரவுண்டை ஒன்றாக்கி, `-B 10` உடன் மறுபடி கேளுங்கள். பேசும். `lfuse` மறுபடி `0x62` ஆக்கிவிட்டால் பழைய நிலை.

சரியான கண்டென்சர் போட்டு, ஃபியூஸை மறுபடி கிரிஸ்டலுக்கு மாற்றியபின் ஐடிஇயில் போர்டு `Arduino Uno`, புரோகிராமர் `USBasp` என்று தேர்ந்து, `Upload Using Programmer` கொடுங்கள். `Burn Bootloader` பக்கம் போகாதீர்கள், நீங்கள் எழுதிய ஃபியூஸை அது ஊனோவின் எண்களுக்கு மாற்றிவிடும்.

பின்சேர்க்கை: திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் `0x1e9514` என்ற அடையாள எண் வந்து நின்றதாம். 328பி என்றால் `0x1e950f` வர வேண்டும். அவர் வாங்கியது கடைசியில் பி இல்லாத 328. ஹெடர், கிளாக், ரீசெட் எதையும் மாற்ற வேண்டாம். கட்டளையில் `m328p` என்ற இடத்தில் `m328` என்று போட்டால் ஃபியூஸ் எழுதும். ஐடிஇ மட்டும் ஊனோ என்று சொன்னால் 328பி-யையே எதிர்பார்க்கும், அதனால் அவர் ஐடிஇயில் ஹெக்ஸ் கோப்பாக எடுத்துவைத்து, அதை இப்படி ஏற்றினார்:

```
avrdude -c usbasp -p m328 -B 10 -U flash:w:motor.hex:i
```